குழி நிரம்பி வழியுது, தண்ணி சேறாவே நிக்குது: ஜல்லியை மாத்தினா சரியாகுமா?

விருகை வாசி (அக்டோபர் 17, காலை 8.10)

வணக்கம். விருகம்பாக்கத்துல தனி வீடு, மாடி சுமார் 1000 சதுர அடி. 2003-ல எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்போ, கெடு முடியறதுக்குள்ள அப்பா அவசர அவசரமா ஒரு குழி போட வெச்சார். 3 அடிக்கு 3 அடி, ஆழம் 5 அடி. உள்ள முழுக்கக் கருங்கல் ஜல்லி, மேல ஓட்டை போட்ட சிலாப். அதோட சரி. இருபது வருஷமா யாரும் மூடியைத் திறந்ததில்லை.

போன வாரம் பெஞ்ச முதல் மழைக்கே பத்து நிமிஷத்துல நிரம்பி போர்ட்டிகோவுக்குத் தண்ணி வந்துடுச்சு. மழை விட்டு ரெண்டு நாள் ஆச்சு, இன்னும் டீக்கடைப் பாய்லர் கழுவின தண்ணி மாதிரி நிக்குது. கொத்தனார் வந்து பார்த்துட்டு, "ஜல்லியை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு புது ஜல்லி, மணல் போட்டா சரியாயிடும்"ங்கறார். செய்யலாமா?

கடற்கரைக் காற்று (அக்டோபர் 17, காலை 9.02)

எங்க வீடு பெசன்ட் நகர். அதே 2003-ல போட்ட குழிதான், அதே அளவுதான். இது வரைக்கும் ஒரு தடவை கூட வழிஞ்சதில்லை, நானும் திறந்து பார்த்ததில்லை. உங்க ஆள் ஏதோ வேலையைக் கெடுத்திருக்கார். நல்ல ஆளா பார்த்துப் புதுசா போடுங்க.

பழைய மேஸ்திரி (அக்டோபர் 17, காலை 10.40)

காற்று சார், உங்க குழி நல்லா இருக்கறதுக்குக் காரணம் கொத்தனார் இல்லை, கடல். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடப்பாறை வெச்சா மணல். அங்க வெறும் பள்ளம் தோண்டி விட்டாலே தண்ணி காணாமப் போயிடும். விருகம்பாக்கம், அண்ணா நகர், கொளத்தூர் பக்கமெல்லாம் களிமண். கிண்டி, வேளச்சேரின்னு போனா பல இடத்துல சீக்கிரமே பாறை. 2003-ல எல்லாருக்கும் ஒரே படத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஒரே குழியைத் தோண்டினாங்க. நானும் தோண்டியிருக்கேன், மறைக்க வேண்டியதில்லை.

விருகை தம்பி, வழியறது ஒரு வியாதி, சேறா நிக்கறது வேற வியாதி. ரெண்டுக்கும் ஒரே மருந்து குடுத்தா காசுதான் போகும். ஜல்லியில கை வைக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

ஒரு மூலையில ஜல்லியை ஓரடி அள்ளிட்டு ஒரு ஸ்கேலை நட்டு வைங்க. 24 மணி நேரத்துல தண்ணி எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. அப்புறம் பக்கத்துல யார் வீட்டுலயாவது கிணறு இருந்தா தரையிலிருந்து எத்தனை அடியில தண்ணி நிக்குதுன்னு கேளுங்க. கடைசியா, அந்தக் குழிக்கு என்னென்ன குழாய் வருது? மாடித் தண்ணி மட்டுமா, வேற ஏதாவது சேருதா?

மாடித்தோட்டம் மணி (அக்டோபர் 17, பகல் 12.15)

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்குங்க? கீழே பெரிய ஜல்லி, நடுவுல சின்ன ஜல்லி, மேல மணல், நடுவுல கொஞ்சம் அடுப்புக்கரி. இதுதான் ஃபில்டர். ஜல்லி அழுக்காயிடுச்சு, அதான் சேறு. மாத்துங்க, கண்ணாடி மாதிரி தண்ணி நிக்கும்.

சிவகங்கைச் சீமை (அக்டோபர் 17, மாலை 4.30)

எங்க அப்பத்தா காலத்துல ஊருணித் தண்ணி கலங்கலா வந்தா தேத்தாங்கொட்டையைப் பானையோட உள்பக்கம் உரசி விட்டுட்டு ராத்திரி மூடி வைப்பாங்க. காலையில தெளிஞ்சிருக்கும். தேத்தாங்கொட்டை கிடைக்கலேன்னா படிகாரம் போடுங்க. அப்புறம் காய்ச்சிக் குடிக்கலாம். எங்க வீட்டுச் சம்புல இப்பவும் படிகாரம்தான்.

பழைய மேஸ்திரி (அக்டோபர் 17, மாலை 6.05)

அம்மா, தேத்தாங்கொட்டை அருமையான விஷயம், பானைக்கு. தம்பி கேக்கறது குடிக்கற தண்ணி இல்லை, மண்ணுக்குள்ள இறங்க வேண்டிய தண்ணி. படிகாரம் போட்டா கலங்கல் தெளியும், ஆனா அந்தக் களி அத்தனையும் திரண்டு குழியோட அடியில போய்ப் படியும். தண்ணி இறங்கற வாசலே அதுதான். மேல பார்க்கத் தெளிவா இருக்கும், கீழே சொட்டு இறங்காது.

மணி சார் சொன்ன வரிசை தப்பில்லை. ஆனா ஜல்லி களிமண்ணை வடிகட்டாது. ரெண்டு ஜல்லிக்கு நடுவுல விரலே போகும், களி போகாதா? அழுக்கு ஜல்லியால சேறு வரலை, சேறு வந்ததால ஜல்லி அழுக்காச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்காம மாத்தினா அடுத்த ஐப்பசிக்கு இதே இழையை மறுபடி திறக்க வேண்டியதுதான்.

விருகை வாசி (அக்டோபர் 19, காலை 7.50)

மேஸ்திரி சார், பார்த்துட்டேன்.

நேத்து காலை 7 மணிக்கு ஸ்கேல் வெச்சேன். இன்னிக்கு காலை 7 மணிக்கு ஒன்றரை இஞ்ச் இறங்கியிருக்கு, அவ்வளவுதான். பின் வீட்டுப் பெரியம்மா கிணத்துல கயிறு விட்டுப் பார்த்தோம், தண்ணி 19 அடியில இருக்கு. குழாய் விஷயத்துலதான் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மாடியிலிருந்து ரெண்டு குழாய் வருது. அது தவிர, நாலு வருஷம் முன்னாடி கார் நிறுத்தற இடத்துக்கு டைல்ஸ் போட்டப்போ, வாசல் தண்ணியும் தோட்டத் தண்ணியும் போக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி அதையும் இதே குழியில விட்டோம்.

பழைய மேஸ்திரி (அக்டோபர் 19, காலை 9.20)

மறந்ததுலதான் பாதி பதில் இருக்கு.

முதல்ல கிணறு. தண்ணி 19 அடியில, உங்க குழியோட அடி 5 அடியில. அப்போ பூமி நிறைஞ்சு போய் தண்ணியைத் திருப்பி அனுப்பலை. இறங்க இடம் இருக்கு, வழி இல்லை. இதே கேள்வியை நீங்க கார்த்திகையில கேட்டிருந்தா நான் வேற பதில் சொல்லியிருப்பேன். அப்போ சில தெருவுல கிணத்துத் தண்ணி நாலஞ்சு அடிக்கு ஏறிடும், நல்ல குழி கூட ததும்பி நிக்கும். அதைப் பார்த்துட்டு அடைப்புன்னு தோண்டினவங்களை எனக்குத் தெரியும்.

அடுத்து ஸ்கேல். குழி ஜல்லியால நிரம்பியிருக்கறதால அதுல பத்துல நாலு பங்குதான் காலி இடம். அந்தக் கணக்குல ஒன்றரை இஞ்ச்னா பன்னெண்டு, பதிமூணு லிட்டர். உங்க குழி ஒரு நாள் முழுக்கக் குடிச்சது ஒரே ஒரு குடம்.

இன்னொண்ணையும் பாருங்க. ஜல்லியோட சேர்த்து உங்க குழி பிடிக்கறது 500 லிட்டர்தான். 1000 சதுர அடி மாடியில 1 மி.மீ. மழைக்கு ஏறக்குறைய 90 லிட்டர் விழும். 6 மி.மீ. மழைக்கே குழி நிரம்பிடும். ஐப்பசியில 6 மி.மீ. எல்லாம் ஒரு மழையா? குழி புத்தம் புதுசா இருந்தாலும் வழியத்தான் செய்யும். வழியறது தப்பில்லை, போர்ட்டிகோவுல வழியறதுதான் தப்பு. தெரு மழைநீர் வடிகால் பக்கமா ஒரு 4 இஞ்ச் குழாய் இருக்கணும். இருக்கா? பாதாளச் சாக்கடை மேன்ஹோல்ல மட்டும் விட்டுடாதீங்க, அது நிரம்பினா உங்க வீட்டுக் கழிவறையிலதான் எதிர்க்கும்.

சேறு எங்கிருந்து வருதுன்னு தெரிய அடுத்த மழைக்கு ரெண்டு கண்ணாடி பாட்டில் எடுத்து வைங்க. மழை ஆரம்பிச்சுப் பத்து நிமிஷம் கழிச்சு மாடிக் குழாய்த் தண்ணியை ஒண்ணுல, வாய்க்கால் தண்ணியை இன்னொண்ணுல பிடிச்சு ஆடாத இடத்துல வெச்சுட்டுத் தூங்கப் போங்க.

சி பிளாக் செயலாளர் (அக்டோபர் 19, பகல் 2.10)

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க 24 வீடு உள்ள குடியிருப்பு, முகப்பேர். எங்களுக்குக் குழி வழியலை, நாத்தம் அடிக்குது. 20 அடி உறைக்கிணறு, ஆடியிலிருந்தே அடியில கறுப்புத் தண்ணி நிக்குது. பராமரிப்பு ஆள் ஒரு பையனைக் கயிறு கட்டி இறக்கிச் சுத்தம் பண்ணிடலாம்ங்கறார்.

பழைய மேஸ்திரி (அக்டோபர் 19, பகல் 2.25)

செயலாளர் அம்மா, முதல்ல அதை நிறுத்துங்க. வருஷக்கணக்கா மூடிக் கிடந்த கிணத்துல காத்து கெட்டிருக்கும், இறங்கினவன் சத்தம் போடக் கூட நேரம் இருக்காது. காப்பாத்த இறங்கற ரெண்டாவது ஆளும் போயிடுவான். மேலிருந்தே மோட்டார் விட்டுச் சேத்தை உறிஞ்சுங்க. இன்னொரு கேள்வி: பெரிய மழை இல்லாத ஆடி மாசத்துல அதுக்குத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு? எங்கேயோ கழிவுநீர்க் குழாய் கசியுது, இல்ல யாரோ வாஷிங் மெஷின் குழாயை மழைநீர்க் குழாயில சேர்த்திருக்காங்க. அதைக் கண்டுபிடிக்காம கிணத்தைக் கழுவிப் பிரயோஜனம் இல்லை.

சி பிளாக் செயலாளர் (அக்டோபர் 19, இரவு 9.45)

மூணாவது மாடி பால்கனி. வாஷிங் மெஷின் குழாய் நேரா மழைநீர்க் குழாய்க்குள்ள. நீங்க சொன்ன மாதிரியேதான். எடுக்கச் சொன்னா "எல்லாம் தண்ணிதானே"ங்கறாங்க. தனி இழை போடறேன்.

விருகை வாசி (அக்டோபர் 22, காலை 6.40)

நேத்து ராத்திரி மழை. ரெண்டு பாட்டிலும் ஜன்னல் ஓரத்துல இருக்கு. மாடித் தண்ணி லேசான வெந்தய நிறம், அடியில ஒரு சிட்டிகை மணல், ரெண்டு வேப்ப இலைத் துணுக்கு. பின்னாடி காலண்டர் தேதி தெரியுது. வாய்க்கால் தண்ணி ராத்திரி பிடிச்சப்போ பால் டீ மாதிரி இருந்துச்சு, இப்பவும் பால் டீதான். அடியில அரை இஞ்ச் வண்டல் படிஞ்சிருக்கு, ஆனா மேல தெளியவே இல்லை. என் பொண்ணு அதுல டார்ச் அடிச்சுப் பார்த்தா, வெளிச்சம் அந்தப் பக்கம் வரலை.

பழைய மேஸ்திரி (அக்டோபர் 22, காலை 8.15)

மணலா இருந்தா நிமிஷத்துல படிஞ்சிருக்கும். ராத்திரி முழுக்க மிதக்கறது களி. நாலு வருஷமா அதைத்தான் குழிக்கு ஊட்டியிருக்கீங்க.

வாய்க்காலை இன்னிக்கே குழியிலிருந்து வெட்டி விடுங்க, ரெண்டு செங்கல்லும் ஒரு கரண்டி சிமென்ட்டும் போதும். அந்தத் தண்ணி தோட்டத்துல ஒரு தாழ்வான பாத்தியில நிக்கட்டும், வாழை வைங்க. மிச்சம் தெருவுக்குப் போகட்டும். மாடித் தண்ணி மட்டும் குழிக்கு.

அப்புறம் ஜல்லி. வெளியே எடுத்துத்தான் ஆகணும், ஆனா தூக்கிப் போட வேண்டாம், கல் கெட்டுப் போகாது. சல்லடையில போட்டு அலசிட்டு அதையே பயன்படுத்தலாம். அலசற தண்ணி திரும்பக் குழிக்குள்ள ஓடாத இடமா பாருங்க, பாதிப் பேர் குழி ஓரத்துலயே நின்னு அலசுவாங்க. அடியில படிஞ்ச களியை மண்வெட்டியால சுரண்டி, அதுக்குக் கீழே இன்னும் ரெண்டு இஞ்ச் பழைய மண்ணும் சேர்த்து எடுங்க. அந்தப் படிவுதான் தோல் மாதிரி அடைச்சிருக்கும்.

திரும்ப நிரப்பும்போது அடியில ஓரடி ஜல்லி மட்டும் போதும். மேல நாலடி காலியா விடுங்க. 500 லிட்டர் பிடிச்ச அதே குழி ஆயிரத்துக்கு மேல பிடிக்கும். சிலாப் மட்டும் உறுதியா இருக்கணும், குழந்தை ஏறி நின்னாலும் அசையக் கூடாது. ஓட்டைகளுக்குக் கீழே கொசு வலை கட்டுங்க.

இவ்வளவு பண்ணியும் அடி களிமண்தான், அது மாறாது. அதனால குழியோட நடுவுல ஒரு கை போர் போடுங்க, இன்னும் 10 அடி. எங்கே மணல் வருதோ அங்கே நிறுத்துங்க, கிணத்துத் தண்ணி மட்டத்தைத் தொட வேண்டாம். 6 இஞ்ச் ஓட்டைக் குழாய் இறக்கி, அதோட தலை குழித் தரையிலிருந்து ஒன்றரை அடி உசரமா நிக்கட்டும், மேல நைலான் வலை. வண்டல் கீழே படியும், தெளிஞ்சது மட்டும் குழாய்க்குள்ள போகும். தலையைத் தரையோட தரையா வெட்டி விட்டா ஒரே மழைக்காலத்துல போர் களியால அடைஞ்சிடும். அதைச் சரி பண்ண வழியே இல்லை, புதுசுதான்.

மாடித்தோட்டம் மணி (அக்டோபர் 22, காலை 10.30)

மணல் படுகையே இல்லாம நேரா போர்ல விடறதா? அழுக்குத் தண்ணியை நிலத்தடியில கலக்கற மாதிரி இல்லையா? ஒரு அடி மணலாவது வேணும்.

பழைய மேஸ்திரி (அக்டோபர் 22, பகல் 11.10)

நியாயமான பயம்தான். கிணத்துலயோ ஆழ்துளைக் கிணத்துலயோ நேரா விடறதா இருந்தா நானும் மணல் இல்லாம விட மாட்டேன். இது தண்ணி மட்டத்துக்கு மேலயே நிக்கற போர், கீழே இன்னும் நாலடி மண்ணு வடிகட்டும். இன்னொரு கஷ்டமும் இருக்கு. நல்ல மழையில மாடியிலிருந்து நிமிஷத்துக்கு 40, 45 லிட்டர் வரும். சின்னத் தொட்டியில ஓரடி மணல் அதைத் தாங்காது, மணல் மேலயே நிரம்பி வழியும். மணல் போட்டா வாரம் ஒரு தடவை மேல ஒரு இஞ்சைச் சுரண்டி எடுக்கணும். செய்யறவங்க போடலாம். தம்பி வீட்டுல இருபது வருஷமா மூடியையே திறக்கலைன்னு சொன்னார்.

மாடித்தோட்டம் மணி (அக்டோபர் 22, பகல் 11.40)

அதுக்காக வேண்டாம்னு சொல்லக் கூடாது. நான் சுரண்டறேனே. சரி, அவங்க அவங்க இஷ்டம்.

கடற்கரைக் காற்று (அக்டோபர் 22, மாலை 5.00)

இந்த இழையைப் படிச்சுட்டு நானும் மூடியைத் திறந்தேன். மேல ஒரு சாண் மக்கின இலை, ஒரு டென்னிஸ் பந்து. ஆனா ஒரு குடம் ஊத்தினா சர்ருனு இறங்குது. இலையை அள்ளிட்டேன்.

விருகை வாசி (அக்டோபர் 29, இரவு 8.20)

வேலை முடிஞ்சுது. ரெண்டு ஆள், ரெண்டு நாள்.

ஜல்லியை எடுக்க எடுக்க மேல ரெண்டடி ஓரளவு சுத்தம், கீழே போகப் போகக் கல்லும் களியும் சேர்ந்து கான்கிரீட் மாதிரி. கடப்பாறையால குத்தித்தான் பெயர்த்தாங்க. அடியில முக்கால் அடி கறுப்புச் சேறு. அதுக்கும் கீழே நீங்க சொன்ன அந்தத் தோல்: விரலால தேய்ச்சா சோப்பு மாதிரி வழுக்குது, உலர்ந்ததும் வறட்டி மாதிரி உரிஞ்சு வருது. இன்னொரு கூத்து, 2003 கொத்தனார் பக்கச் சுவர் நாலுக்கும் அழகா சிமென்ட் பூசி விட்டிருக்கார். பக்கவாட்டுல இறங்க வழியே இல்லை. ஒரு சுவர்ல பூச்சைக் கொத்தி விட்டு நாலஞ்சு செங்கல்லை உருவினோம், மத்த மூணும் பயந்துக்கிட்டு விட்டுட்டோம்.

கை போர் 12 அடி வரைக்கும் மஞ்சள் களி. அப்புறம் ஈரமான பொடி மணல் வந்துச்சு. தரையிலிருந்து 15 அடியில நிறுத்திட்டோம். மாடிக் குழாய் குழிக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன சேம்பர் கட்டி வலை போட்டாச்சு. வழியற தண்ணிக்கு 4 இஞ்ச் குழாய், தெரு வடிகாலுக்கு. மாடியில குழாய் வாய்க்குக் கூண்டு மூடி போட்டேன். அங்கேயும் பழைய தட்டு ஓட்டுச் சுண்ணாம்பு பொடிப் பொடியா உதிருது, அதை என்ன பண்றதுன்னு தெரியலை.

பழைய மேஸ்திரி (அக்டோபர் 29, இரவு 9.00)

பூச்சைப் பத்திச் சொன்னதும் சிரிச்சுட்டேன். அந்த வருஷம் ஆய்வுக்கு வர்றவங்க கண்ணுக்கு அழகா இருக்கணும்னு எத்தனை குழி பூசினோம்!

சேம்பரை இந்த சீசன்ல ஒவ்வொரு பெரிய மழைக்கும் அப்புறம் திறந்து பாருங்க, ரெண்டு கை வண்டல் அள்ளற வேலை. மாடியைப் புரட்டாசிக்குள்ள கூட்டிடணும், அது இந்த வருஷம் தப்பிடுச்சு. குழித் தரையைச் சுரண்டறது சித்திரையில, நல்லா காஞ்சிருக்கும்போது. ஈரத்துல சுரண்டினா களியை இன்னும் அழுத்தி மெழுகின மாதிரி ஆயிடும்.

தட்டு ஓடு உதிர்றதுக்கு நேரில பார்க்காம சொல்ல முடியாது.

விருகை வாசி (நவம்பர் 8, காலை 7.15)

நேத்து மதியம் கனமழை. குழி நிரம்பி, மிச்சம் தெருவுக்குப் போச்சு, போர்ட்டிகோ காய்ஞ்சு கிடக்கு. மழை விட்டதும் ஸ்கேல் வெச்சேன். அஞ்சு மணி நேரத்துல மூணு அடி இறங்கிடுச்சு. கணக்குப் போட்டா 750 லிட்டர்.

விருகை வாசி (டிசம்பர் 4, மாலை 6.30)

மறுபடி நான்தான். மூணு நாளா விடாத மழை. குழி நிரம்பி நிக்குது, மழை விட்டு ஒரு நாள் ஆகியும் ஒரு இஞ்ச் கூட இறங்கலை. தண்ணி தெளிவாத்தான் இருக்கு, அடியில ஜல்லி தெரியுது. போர் அடைச்சிடுச்சா?

பழைய மேஸ்திரி (டிசம்பர் 4, இரவு 7.10)

பின் வீட்டுக் கிணறு?

விருகை வாசி (டிசம்பர் 4, இரவு 7.40)

டார்ச் எடுத்துட்டுப் போய் இப்போதான் பார்த்தேன். கயிறே வேண்டாம், மூணடியில இருக்கு. பெரியம்மா சொம்பைக் கட்டி மொண்டு காட்டறாங்க.

பழைய மேஸ்திரி (டிசம்பர் 4, இரவு 7.45)

அப்போ குழியைத் தொடாதீங்க. தை மாசம் கிணறு இறங்கும்போது அதுவும் இறங்கும். அது வரைக்கும் கொசு வலை கிழிஞ்சிருக்கான்னு மட்டும் பாருங்க.

மாடித்தோட்டம் மணி (டிசம்பர் 4, இரவு 8.30)

தண்ணி மட்டத்துக்கு மேல நிக்கற போர்னு சொன்னீங்களே மேஸ்திரி சார், இப்போ குழியே தண்ணி மட்டத்துல மூழ்கிக் கிடக்கு. இப்போ இறங்கற மாடித் தண்ணி நேரா நிலத்தடித் தண்ணியிலதானே கலக்குது?

பழைய மேஸ்திரி (டிசம்பர் 4, இரவு 9.15)

மணி சார், அந்த ஒரு மாசத்துக்கு நீங்க சொல்றது சரிதான்.